நாற்பது நாளை மீட்க மூன்று வழிகள்

புனே மெட்ரோவின் பிம்ப்ரி-நிக்டி நீட்டிப்பு சுமார் 4.4 கி.மீ. நீள மேம்பாலப் பாதை. 2023 அக்டோபரில் மத்திய அரசு ஒப்புதல் கிடைத்தது. மதிப்பீடு 910 கோடி ரூபாய். இப்படி நெரிசலான சாலை மீது போகும் பாலத்தில் நாற்பது நாள் பின்தங்கினால், ஒப்பந்ததாரர் வாடிக்கையாளரிடம் எதைக் கேட்பது?

ஒரு மாதிரிக் கணக்கு. எண்கள் நிக்டி ஒப்பந்தத்தினுடையவை அல்ல. பாக்கி 60 ஸ்பான். ஒவ்வொன்றுக்கும் 10 கான்கிரீட் செக்மென்ட். ஒரே லாஞ்சர், பகல் ஷிப்ட் மட்டும், ஸ்பானுக்கு 4 நாள்: மொத்தம் 240 நாள். யார்டில் மூன்று அச்சு, நாளைக்கு மூன்று செக்மென்ட், கையிருப்பு இல்லை.

முதல் வழி, நைட் ஷிப்ட். ஸ்பானுக்கு 3 நாள் போதும், 180 நாளில் முடியும் என்று தோன்றும். ஆனால் 600 செக்மென்ட் வார்க்கவே 200 நாள் ஆகும். அதனால் மிச்சம் 60 அல்ல, 40. செலவு 2 கோடி என்றால் நாளுக்கு 5 லட்சம்.

இரண்டாம் வழி, இன்னொரு லாஞ்சர். கொண்டுவந்து பூட்டி, சுமைச் சோதனை முடிக்க 75 நாள். செலவு 4 கோடி. செக்மென்ட் வரத்து மாறாததால் இதிலும் 200 நாள்தான். புது இயந்திரம் பெரும்பாலான நேரம் சும்மா நிற்கும்; மீட்ட ஒவ்வொரு நாளும் 10 லட்சம்.

மூன்றாம் வழி, நைட் ஷிப்டோடு நான்காவது அச்சு. அச்சு வர 30 நாள். அதற்குள் 9 ஸ்பான், பிறகு 51 ஸ்பான் மூன்று மூன்று நாளாக: 183 நாள். செலவு 2.4 கோடி, 57 நாள் மிச்சம், நாளுக்குச் சுமார் 4.2 லட்சம். நாற்பது நாள் பாக்கியை அடைத்தும் 17 நாள் கையில் நிற்கும்.

ஆகவே பரிந்துரை மூன்றாவது. ஆனால் அதன் ஆபத்தையும் எண்ணோடு எழுத வேண்டும். இரவில் சாலையை மறிக்கப் போக்குவரத்துக் காவல்துறை அனுமதி ஒரு மாதம் தள்ளினால் 57 என்பது 52 ஆகும். அனுமதியே கிடைக்காவிட்டால், அச்சை வாங்கியும் பயனில்லை. தூக்கிவைக்கும் வேகம் ஸ்பானுக்கு 4 நாளிலேயே நின்றுவிடும். இரவில் ஒளி குறைவு, ஆள் களைப்பு. கம்பி இழுக்கும் குழுவை மாற்றி மாற்றி அமர்த்துவதற்கான செலவும் அந்த 2.4 கோடிக்குள் இருப்பதாகச் சொல்லிவிட வேண்டும்.

பணம் யார் தருவது? 2017 ஃபிடிக் சிவப்புப் புத்தகத்தின் 8.7 பிரிவின்படி, தாமதம் ஒப்பந்ததாரருடையதானால் வேகப்படுத்தும் செலவும் அவருடையது. கால நீட்டிப்புக்கு உரிய காரணத்தால் வந்த தாமதத்தைக் குறைக்கப் பொறியாளர் அறிவுறுத்தினால், அது மாறுதல் வேலையாகக் கணக்காகும். எனவே கடிதத்தின் முதல் பக்கத்தில் தாமத நாட்கள் காரணவாரியாகப் பிரித்து நிற்க வேண்டும். கடைசிப் பக்கத்தில் மூன்று வரிகள்: விலை எத்தனை நாள் செல்லும், எழுத்து மூலமான அறிவுறுத்தல் எந்தத் தேதிக்குள் வேண்டும், கால நீட்டிப்புக் கோரிக்கை கைவிடப்படவில்லை.