925 என்று குத்தியிருந்தால் வெள்ளியா? படத்தை வைத்து நகை பார்ப்பவருக்கு ஒரு வழிகாட்டி

இப்போது ஒரு வெள்ளிக் கொலுசு கஸ்தூரியார் வீதிக்குப் போவதற்கு முன்னர் அதன் படம் போய்விடுகிறது. புத்தூரில் வீட்டிலிருந்தபடி பழைய வெள்ளி வாங்கி விற்பவருக்கும், நகைக்கடையில் வட்ஸ்அப் இலக்கத்தைக் கவனிக்கும் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவருக்கும் காலையிலேயே கேள்வி வந்துவிடும்: "இது வெள்ளிதானே, என்ன விலைக்கு எடுப்பீங்கள்?" 2025 ஒக்டோபரில் உலகச் சந்தையில் வெள்ளி ஒரு அவுன்ஸ் 50 டொலரைத் தாண்டிய பிறகு, முன்பு யாரும் பொருட்படுத்தாத சின்னச் சங்கிலிக்கும் இந்தக் கேள்வி வருகிறது. அவசரப்பட்டுப் பதில் சொன்னால் நட்டம் கடைக்கு, பழி உங்களுக்கு.

இந்த வேலைக்கு ஒரு அடிப்படை விதி உண்டு. படத்தைப் பார்த்து ஒரு நகையைப் போலி என்று சொல்ல முடியும். அசல் என்று சொல்ல முடியாது. முலாம் பூசிய நகையின் மேற்பரப்பு உண்மையான வெள்ளிதான். கமெராவுக்குத் தெரிவது அந்த மேற்பரப்பு மட்டுமே. ஆகவே நீங்கள் தேட வேண்டியது அந்த மேற்பரப்பு எங்கே தேய்ந்து, உடைந்து, உள்ளே இருப்பதைக் காட்டுகிறது என்பதைத்தான்.

அதற்கேற்ற படங்களைக் கேட்டு வாங்குங்கள். கழுத்தில் போட்டபடி எடுத்த படம் உதவாது. ஜன்னலோரப் பகல் வெளிச்சத்தில், வெள்ளைக் கடதாசியின் மேல், பிளாஷ் இல்லாமல், அழகூட்டும் பில்டர் எதுவும் இல்லாமல் எடுக்கச் சொல்லுங்கள். முத்திரையை நேராக ஒன்று, சாய்த்து ஒன்று. பூட்டைத் திறந்து ஒன்று, மூடி ஒன்று. உடம்பில் உரசும் உட்பக்கம் ஒன்று. வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் நுணுக்கம் அழிந்துவிடும், கோப்பாக அனுப்பச் சொல்லுங்கள். வாடிக்கையாளரிடம் கேட்பதற்குத் தயங்க வேண்டாம்: "அக்கா, கொளுக்கியைத் திறந்து வைச்சு, வெள்ளைப் பேப்பருக்கு மேல இன்னொரு படம் எடுத்து விடுங்கோ." வெள்ளைக் கடதாசி எதற்கென்றால், அது படத்தில் மஞ்சளாகத் தெரிந்தால் நகையின் மஞ்சளும் விளக்கின் மஞ்சளாக இருக்கலாம். மினுக்கிய வெள்ளி கண்ணாடி மாதிரி. எடுப்பவரின் சிவப்புச் சேலை அதில் விழுந்து செம்பு போலத் தெரிந்து பலரை ஏமாற்றியிருக்கிறது. இரண்டு கோணத்தில் படம் இருந்தால் பிரதிபலிப்பு இடம் மாறும். உலோகத்தின் நிறம் அதே இடத்தில் நிற்கும்.

முத்திரை

925 என்றால் ஆயிரம் பங்கில் 925 பங்கு வெள்ளி, மீதி பெரும்பாலும் செம்பு. 800, 835, 900, 950, 999 என்பனவும் இதே கணக்குத்தான். S925 என்று இருந்தாலும் பொருள் அதுவே. EPNS என்று இருந்தால் பேச்சை அத்துடன் முடிக்கலாம்: அது நிக்கல் கலப்பின் மேல் மின்முலாம் பூசிய பொருள். ஜேர்மன் சில்வர், அல்பாக்கா என்ற பெயர்களில் வருவதிலும் வெள்ளி கிடையாது. செம்பு, நிக்கல், துத்தநாகம் மட்டுமே.

இலக்கத்தை யாரும் குத்தலாம் என்பதுதான் சிக்கல். அதனால் என்ன எழுதியிருக்கிறது என்பதோடு எப்படிக் குத்தியிருக்கிறது என்பதையும் பாருங்கள். உருக்கு அச்சால் அடித்த முத்திரையில் எழுத்தின் அடி தட்டையாக இருக்கும், ஓரம் கூராக இருக்கும், ஒதுங்கிய உலோகம் ஓரத்தில் மெல்லிய வரம்பாக எழுந்து நிற்கும். லேசரில் எழுதியது மெல்லிய கோடாக, சற்றுக் கறுத்து இருக்கும். இதுவும் அசல் நகைகளில் வழக்கமானதே. எழுத்தின் ஓரங்கள் உருண்டு, உள்ளே மெழுகு ஊற்றி நிரப்பினாற்போல் இருந்தால் சந்தேகப்படுங்கள். முதலில் மலிவான உலோகத்தில் எழுத்தை வார்த்து அல்லது அடித்து, பிறகு அதன் மேல் முலாம் பூசியிருக்கலாம். அப்படியான நகையில் முதலில் தேய்வது அந்த எழுத்தின் ஓர வரம்புதான். படத்தைப் பெரிதாக்கி 9இன் வளைவைச் சுற்றிப் பாருங்கள். மயிரிழை அளவில் மஞ்சளோ செம்மையோ ஓடினால் உள்ளே பித்தளையோ செம்போ இருக்கிறது.

லண்டனிலிருந்து வரும் நகைகளுக்குத் தனிக் கவனம் வேண்டும். பிரித்தானியாவில் சோதனைச்சாலை முத்திரை கட்டாயம், நடக்கும் சிங்கம் ஸ்ரேலிங் வெள்ளியின் அடையாளம். ஆனால் 7.78 கிராமுக்குக் குறைந்த வெள்ளி நகைக்கு அந்தச் சட்டத்தில் விலக்கு உண்டு. ஆகவே சின்னத் தோட்டில் அந்த முத்திரை இல்லை என்பதற்காக அதைத் தள்ளிவிடக் கூடாது. 20 கிராம் காப்பை லண்டன் கடையில் புதிதாக வாங்கியது என்று சொல்லி, அதில் வெறும் 925 மட்டும் இருந்தால் கேள்வி கேட்க வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து வருவது வேறு கதை. அங்கே வெள்ளிக்கு முத்திரை கட்டாயம் இல்லை. 2025 செப்ரெம்பர் 1 முதல் முத்திரையிடும் வெள்ளி நகைக்கு ஆறு எழுத்து-இலக்கத் தனி அடையாளக் குறியீடும் சேர்ந்து வருகிறது. அதை இந்தியத் தர நிர்ணயப் பணியகத்தின் செயலியில் இட்டுப் பார்க்கலாம். குறியீடு இருக்கிறதா என்று மட்டும் பார்த்து விட்டுவிடாதீர்கள்: செயலியில் நகையின் வகை மோதிரம் என்று வந்து, உங்கள் கையில் கொலுசின் படம் இருந்தால் அந்தக் குறியீடு வேறொன்றிலிருந்து எடுத்தது.

கறுப்பு

"கறுத்துப் போச்சு, அப்ப வெள்ளி இல்லை" என்பது ஊரில் பரவலான தவறான எண்ணம். வெள்ளிதான் கறுக்கும். காற்றிலும் பொருள்களிலும் உள்ள கந்தகச் சேர்மங்கள் வெள்ளியோடு சேர்ந்து வெள்ளி சல்பைட் ஆகின்றன. புத்தூர்ப் பக்கம் வெங்காயச் செய்கை செய்யும் வீடுகளில், வெங்காயம் உரித்த கையில் கிடக்கும் மோதிரம் விரைவில் கறுப்பதற்குக் காரணம் வெங்காயத்தில் உள்ள கந்தகச் சேர்மங்கள். அதைக் கண்டு போலி என்று சொல்லிவிடாதீர்கள். அதேபோல் கறுக்காதது எல்லாம் போலியும் அல்ல. ரோடியம் பூசிய ஸ்ரேலிங் வெள்ளி நீண்ட காலம் பளபளப்பாகவே இருக்கும்.

கறுப்பின் ஒழுங்குதான் சாட்சி. அசல் வெள்ளியில் படலம் மெல்ல மெல்லத் தடிக்கிறது. அதனால் நிறமும் படிப்படியாக மாறும்: முதலில் மங்கலான மஞ்சள், பிறகு கபிலம், ஊதா, நீலம் கலந்த சாம்பல், கடைசியில் கறுப்பு. ஒரு நிறம் அடுத்ததற்குள் கரைந்து போகும். உரசும் மேடுகள் வெளுப்பாகவும், துணி போகாத பள்ளங்கள் கறுப்பாகவும் இருக்கும். முலாம் பூசிய நகையும் மேலே இப்படியே கறுக்கலாம். ஆனால் உரசும் மேடுகளில் அது வெளுப்பாகாமல் மஞ்சளாகவோ சிவப்பாகவோ மாறும். முலாமில் ஊசித் துளை விழுந்த இடங்களில் பச்சைப் புள்ளிகள் தோன்றும். பூச்சு உப்பிச் செதிள் செதிளாக எழுந்திருந்தால் தீர்மானம் எளிது.

ஒக்சிடைஸ்ட் என்று விற்கும் நகைகளில் இந்தக் கறுப்பின் ஒழுங்கை நம்ப முடியாது, ஏனென்றால் பள்ளங்களை வேண்டுமென்றே கறுப்பாக்கியிருப்பார்கள். அசல் வெள்ளியிலும் அப்படிச் செய்வார்கள், ஜேர்மன் சில்வரிலும் செய்வார்கள். அங்கே கறுப்பை விட்டுவிட்டு மேட்டின் நிறத்தையும் பூட்டையும் பாருங்கள்.

பூட்டு

பூட்டுத்தான் அதிகம் அசையும், அதிகம் உரசும் இடம். ஆகவே முலாம் முதலில் போகும் இடமும் அதுவே. கொளுக்கி வளையத்தில் மாட்டும் உள்வளைவைப் பெரிதாக்கிப் பாருங்கள். அங்கே உலோகம் உலோகத்தோடு தேய்கிறது. அந்த ஒரு இடத்தில் வெள்ளை நிறம் மாறாமல் இருந்தால் நகைக்கு ஒரு நல்ல குறி.

ஒரு ஏமாற்று அடிக்கடி நடக்கும். போலிச் சங்கிலியில் அசல் 925 பூட்டை மாட்டி விடுவார்கள். முத்திரை உண்மை, நகை பொய். இதைப் பிடிப்பது பூட்டுக்கும் சங்கிலிக்கும் நடுவில் உள்ள கடைசி வளையத்தில். நல்ல வெள்ளிச் சங்கிலியில் அந்த வளையம் பெரும்பாலும் பற்றாசு வைத்து மூடியிருக்கும். வாய் திறந்து இடைவெளி தெரிந்தால், அல்லது பூட்டின் நிறமும் சங்கிலியின் நிறமும் வேறாக இருந்தால், பூட்டு பிறகு மாட்டியது. திருத்த வேலையிலும் இப்படி நடக்கும் என்பதால் இதை மட்டும் வைத்துத் தள்ள வேண்டாம். பற்று வைத்த இடத்தில் மெல்லிய மஞ்சள் தெரிவதும் குற்றமல்ல. பற்றாசில் செம்பும் துத்தநாகமும் கலப்பது வழக்கம். காந்தம் வைத்துப் பார்த்தேன், பூட்டு ஒட்டியது என்று யாராவது சொன்னால், உள்ளே உள்ள சுருள்வில் உருக்காக இருக்கலாம் என்று சொல்லி, சங்கிலியில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

இனி ஒரு கைச்சங்கிலியை முழுமையாகப் பார்ப்போம். தட்டில் 925. எழுத்தின் ஓரம் உருண்டிருக்கிறது, மஞ்சள் தெரியவில்லை. வளையங்களின் இடுக்கில் சீரான கறுப்பு. கடைசி வளையம் வாய் திறந்திருக்கிறது. கொளுக்கியின் உள்வளைவில் மங்கலான மஞ்சள், ஆனால் வெள்ளைக் கடதாசியும் சற்று மஞ்சளாகவே வந்திருக்கிறது. பகலில் மீண்டும் எடுக்கச் சொல்கிறீர்கள். இம்முறை கடதாசி வெள்ளை, வளைவு அப்போதும் மஞ்சள். சந்தேகம் வலுக்கிறது, இருந்தாலும் பூட்டு மட்டும் போலியாக இருக்கலாம்.

இந்த நிலையில் கேட்க வேண்டியது இன்னொரு படம் அல்ல, ஒரு நிறை. 0.1 கிராம் வரை காட்டும் சிறிய இலத்திரனியல் தராசு போதும். பூட்டைக் கழற்றிவிட்டுச் சங்கிலியை நிறுத்தால் 31.1 கிராம். பிறகு ஒரு குவளைத் தண்ணீரைத் தராசில் வைத்துப் பூச்சியமாக்கி, நகையை நூலில் கட்டி, அடியிலும் சுவரிலும் முட்டாமல் முழுவதும் தாழ்த்த வேண்டும். தராசு காட்டும் எண்தான் நகை ஒதுக்கிய தண்ணீர். ஸ்ரேலிங் வெள்ளியின் அடர்த்தி ஏறக்குறைய 10.36, ஆகவே 3.0 கிராம் காட்ட வேண்டும். இங்கே 3.6 காட்டுகிறது. 31.1ஐ 3.6ஆல் பிரித்தால் 8.6 வரும். பித்தளையும் ஜேர்மன் சில்வரும் நிற்கும் இடம் அது.

இந்தச் சோதனைக்கும் எல்லை உண்டு. உள்ளே வெற்றிடமாக உள்ள கொலுசு, முத்துச் சலங்கை, கல் பதித்தவை இதற்குச் சரிவராது. வளையங்களில் காற்றுக் குமிழ் ஒட்டினாலும் கணக்குப் பிழைக்கும். தண்ணீரில் ஒரு துளி சவர்க்காரம் விடலாம். முக்கியமாக, 925க்கும் 800க்கும் உள்ள வித்தியாசத்தை இது பிரிக்காது. அதே 31.1 கிராமுக்கு 800 வெள்ளி ஏறக்குறைய 3.07 காட்டும், 0.1 கிராம் வரை மட்டும் அளக்கும் தராசில் அந்த வித்தியாசத்தை நம்ப முடியாது. கொலுசுகள் பலவிதத் தரத்தில் வருவதால் விலை பேசுவதற்கு இந்த வித்தியாசம் பெரிது. அதைத் தீர்ப்பது பத்தரின் உரைகல்லும் அமிலமும்.

கடையில் எக்ஸ்கதிர் இயந்திரம் இருந்தாலும் அது அளப்பது மேற்பரப்பைத்தான். தடித்த முலாம் அதையும் ஏமாற்றும். உரிமையாளரின் அனுமதியோடு கண்ணுக்குப் படாத இடத்தில் சற்று அரத்தால் உரசிய பிறகே வைக்க வேண்டும்.

எழுதும் பதிலிலும் கவனமாக இருங்கள். மூன்று பதில்களை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். "படத்திலேயே அடி உலோகம் தெரிகிறது, வெள்ளி விலைக்கு எடுக்க மாட்டோம்." "படத்தில் குறை தெரியவில்லை, விலை நேரில் உரைத்துப் பார்த்த பிறகு." "இந்தப் படத்தை வைத்துச் சொல்ல முடியாது." எந்தப் படத்தைப் பார்த்து எதைச் சொன்னீர்கள் என்பதைத் திகதியோடு சேமித்து வையுங்கள்; படத்தில் வந்த நகையும் கடைக்கு வரும் நகையும் ஒன்றுதானா என்பதை முத்திரை விழுந்த சாய்வையும் கீறல்களையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் உரைகல்லை எடுக்க வேண்டும்.