பழைய சகபணியாளரைக் குறுங்காலப் பணிக்கு அழைத்தல்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

குழுவிலிருந்து விலகிச் சென்ற ஒருவரை, குறித்த ஒரு வேலைக்காக, குறித்த சில வாரங்களுக்கு ஊதியம் பேசி மீண்டும் அழைப்பது மென்பொருள் துறையில் வழமையான செயலாகும். எனினும் அழைக்கப்படுபவர் பழகியவர் என்ற ஒரே காரணத்தால், அந்நியர் ஒருவருக்கு எழுதித் தரப்படும் விவரங்கள் அவருக்கு எழுதித் தரப்படாமல் விடப்படுகின்றன. கூட்டுறவுச் சங்கங்களுக்கான இருப்புக் கணக்கு மென்பொருளைப் பராமரிக்கும் யாழ்ப்பாண நகரக் குழுவொன்று, இரண்டு ஆண்டுகளுக்கு முன் விலகி, இப்போது கோப்பாயில் வீட்டிலிருந்தபடியே சுயதொழிலாக நிரல் எழுதும் ஒருவரை, பழைய தரவுத்தளத்திலுள்ள பதிவுகளைப் புதிய தரவுத்தளத்துக்கு மாற்றித் தரும்படி மூன்று வாரங்களுக்கு அழைப்பதாக வைத்துக்கொண்டால், இவ்வழக்கத்தின் குறைகள் தெளிவாகும்.

நம்பிக்கை: தெரிந்தவருக்கு வேலையின் எல்லையை எழுதிக் காட்டத் தேவையில்லை.

உண்மை இதற்கு நேர்மாறானது. பழகியவரிடந்தான் "தம்பி, இதையும் ஒருக்காப் பாருங்கோ" என்று எளிதாகக் கேட்க முடிகிறது. அவராலும் மறுக்க முடிவதில்லை. இரண்டாம் வாரத்தில் புதிய அறிக்கை ஒன்றும், அதையடுத்துக் கைப்பேசித் திரைக்கான திருத்தம் ஒன்றும் சேர்ந்துகொள்ள, தரவு மாற்றம் பாதியில் நிற்கும்போது குறித்த நாள் வந்துவிடும். ஆகவே அழைப்புக் கடிதத்தில் செய்ய வேண்டியதை மட்டுமன்றி, செய்ய வேண்டாதவற்றையும் குறிப்பிடுவதே முறையாகும். இங்கு புதிய அறிக்கைகள், திரை வடிவமைப்பு, சங்க ஊழியர்களுக்கான பயிற்சி ஆகியவை எல்லைக்கு வெளியே நிற்கும். வேலை முடிந்ததென்பதை யாருடைய திருப்தியைக் கொண்டும் அளக்காமல், சரிபார்க்கக்கூடிய ஒரு நிலையைக் கொண்டு அளப்பது நல்லது: கடந்த மூன்று நிதியாண்டுகளின் இறுதி இருப்பு இரு தரவுத்தளங்களிலும் பொருள்வாரியாக ஒத்துப்போனால் வேலை முடிந்தது. புதிய வேலை ஏதும் வந்தால், அதற்குரிய நாட்களும் தொகையும் தனியாக எழுதப்பட்ட பின்னரே அது தொடங்கப்பட வேண்டும்.

நம்பிக்கை: நிரல் அவர் எழுதியது, முதல் நாளே வேலை தொடங்கிவிடும்.

தாமதமான மென்பொருள் திட்டத்தில் ஆட்களைச் சேர்ப்பது அதை மேலும் தாமதமாக்கும் என்று, ஐபிஎம் நிறுவனத்தின் இயங்குதள உருவாக்கத்தை முன்னின்று நடத்திய பிரெடெரிக் புரூக்ஸ் 1975இல் வெளியிட்ட நூலில் எழுதினார். புதியவருக்குக் கற்பிக்கும் நேரம் ஏற்கெனவே உழைப்பவர்களிடமிருந்தே எடுக்கப்படுகிறது என்பது அதற்கு அவர் காட்டிய காரணங்களுள் ஒன்று. திரும்பி வருபவருக்கு இச்சுமை குறைவுதான், ஆனால் இல்லாமற் போவதில்லை. சொல்லப்போனால், அவர் விலகிய பின் மாற்றப்பட்ட அட்டவணை ஒன்றைப் பழையபடியே இருப்பதாக அவர் நம்பிவிடுவது, ஒன்றுமே தெரியாதவர் கேள்வி கேட்டுக்கொண்டிருப்பதைவிட ஆபத்தானது. எனவே பதினைந்து வேலைநாட்களில் முதல் இரண்டு நாட்களை, ஊதியத்துடன், மாற்றங்களை வாசிப்பதற்கென ஒதுக்க வேண்டும். அவருடைய பழைய கணக்கைப் பழைய அனுமதிகளுடன் உயிர்ப்பிக்காமல், ஒப்பந்தம் முடியும் நாளிலேயே காலாவதியாகும் புதிய கணக்கைத் திறப்பதும் இதனோடு சேர்ந்த கடமையாகும். நாட்களைக் கணக்கிடும்போது போயா விடுமுறைகளையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நம்பிக்கை: மூன்று வார வேலைக்குச் சட்டம் பொருந்தாது, பணம் கொடுத்ததும் நிரல் நிறுவனத்துக்கே சொந்தம்.

தற்காலிக ஊழியருக்கும் முதல் நாளிலிருந்தே ஊழியர் சேமலாப நிதி பொருந்தும். அதற்கு ஊழியர் 8 வீதமும் தொழில்தருநர் 12 வீதமும் செலுத்த, ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்குத் தொழில்தருநர் மேலும் 3 வீதம் செலுத்துகிறார். வந்திருப்பவர் ஊழியரா, அல்லது தம் நேரத்தையும் முறையையும் தாமே தீர்மானிக்கும் சுயாதீன ஒப்பந்தக்காரரா என்பது கடிதத்தின் தலைப்பைவிட வேலை நடக்கும் விதத்தையே பொறுத்தது. ஒப்பந்தக்காரர் என்றழைத்துவிட்டு, காலை எட்டரைக்கு வரவுப்பதிவேட்டில் கையொப்பமிடச் சொல்லும் குழுத்தலைவர் அந்தப் பெயருக்குத் தாமே குழி தோண்டுகிறார். உண்மையிலேயே ஒப்பந்தக்காரரெனில், 2023 ஜனவரியிலிருந்து, ஒரு மாதத்தில் 100,000 ரூபாய்க்கு மேல் கொடுக்கப்படும் சேவைக் கட்டணத்தில் 5 வீதம் வரியாகக் கழிக்கப்பட வேண்டும். கட்டணம் 150,000 ரூபாய் என்று பேசி ஒரே மாதத்தில் கொடுத்தால் கைக்கு வருவது 142,500 ரூபாய். இதை அழைப்பிலேயே சொல்லிவிட்டால் கடைசி நாளில் மனக்கசப்பு எழாது.

உரிமை பற்றிய நம்பிக்கையே இவற்றுள் அதிகச் செலவு வைக்கக்கூடியது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, ஊழியர் தம் வேலையின் போக்கில் எழுதுவதன் பொருளாதார உரிமை, வேறு உடன்படிக்கை இல்லாவிடின், தொழில்தருநருக்கே சேரும். இந்த விதி சுயாதீன ஒப்பந்தக்காரருக்கு நீள்வதில்லை. ஆகவே கோப்பாயிலிருப்பவர் குழுவில் இருந்த காலத்தில் எழுதிய பகுதி நிறுவனத்துடையதாகவும், இந்த மூன்று வாரங்களில் எழுதும் பகுதி அவருடையதாகவும் ஒரே மென்பொருளுக்குள் இருந்துவிடக்கூடும். கட்டணம் செலுத்திய பற்றுச்சீட்டு இவ்வுரிமையைக் கைமாற்றாது. இரு தரப்பும் கையொப்பமிட்ட எழுத்துமூல உரிமை மாற்றம் தேவை, அது வேலை தொடங்கும் முன்பே பெறப்பட வேண்டும்.