மார்ச்சில் இறக்கிய லோடு, ஏப்ரலில் போட்ட பில்: லாரி உரிமையாளர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பரமத்தி வேலூரில் வெற்றிலையும் வாழையும் தேங்காயும் பிலிக்கல்பாளையத்து வெல்லமும் லாரி ஏறுகின்றன. காவிரிப் பாலத்தைத் தாண்டினால் கரூர் மாவட்டத்து ஆலைகளின் லோடு கிடைக்கிறது. சந்தைச் சரக்குக்கு வாடகை பெரும்பாலும் கையோடு வந்துவிடும். ஆலை ஒப்பந்தம் அப்படியில்லை. பதினைந்து நாளுக்கு ஒருமுறைதான் பில். மார்ச் 16 முதல் 31 வரை ஓடிய லோடுகளுக்கு ஏப்ரல் இரண்டாம் வாரத்தில்தான் பில் போக முடியும்.

வண்டி ஓடியாயிற்று, சரக்கு இறங்கியாயிற்று, டீசல் செலவும் ஆயிற்று. பில் மட்டும் போகவில்லை. இந்த வாடகை எந்த வருடத்து வருவாய்? வேலை முடிந்த வருடத்து வருவாய்தான். பள்ளிக் கணக்குப்பதிவியல் பாடத்தில் இதற்குக் ‘கூடியுள்ள வருமானம்’ என்று பெயர். அதைக் கணக்கில் ஏற்றும் முறையை ஒரு கற்பனை உரிமையாளரின் 2025 மார்ச் கணக்கை வைத்துப் பார்ப்போம். அவரிடம் 14 லாரிகள் இருக்கின்றன. சென்னைக்கு டன்னுக்கு ரூ.1,200 என்று ஒரு ஆலையோடு ஒப்பந்தம். ஒரு லோடு 25 டன், அதாவது ரூ.30,000.

முதலில்: இது உங்களுக்குத் தேவையா?

வருமான வரிக்கு இரண்டு வகையில் கணக்கு எழுதலாம். பணம் கைக்கு வந்தபோது எழுதுவது ஒன்று. வேலை முடிந்து உரிமை பிறந்தபோது எழுதுவது மற்றொன்று. முதல் முறையில் இருப்பவருக்கு இந்தப் பதிவு இல்லை. பத்து லாரிக்குள் வைத்திருந்து, 2025 மார்ச்சில் அமலில் இருந்த 1961 சட்டத்தின் 44AE பிரிவுப்படி வண்டிக்கு மாதம் இவ்வளவு என்று உத்தேச வருமானம் காட்டுபவரின் வரியும் இதனால் மாறாது. நம் உதாரணக்காரரிடம் பத்துக்கு மேல் வண்டி இருப்பதால் அவருக்கு அந்த வழி இல்லை. அவர் இரண்டாம் முறையில் கணக்கு எழுதுகிறார், ஆடிட்டும் உண்டு. எனவே அவர் இதைச் செய்தே ஆகவேண்டும்.

படி 1: பில் போகாத லோடுகளைப் பட்டியலிடுங்கள்

மார்ச் 31 அன்று இரவு, கடைசி பில்லில் சேராத எல்லா லோடுகளையும் லாரி ரசீது எண் வரிசையில் எழுதுங்கள். ரசீது எண், வண்டி எண், ஏற்றிய தேதி, எடை, இறக்கிய தேதி, பிஓடி வந்ததா என்று ஆறு பத்திகள் போதும். வரிசையில் ஒரு எண் விடுபட்டாலும் அந்த லோடு எங்கே என்று அன்றே தேடுங்கள். ரத்தான ரசீதாக இருந்தால் ‘ரத்து’ என்று எழுதி வையுங்கள்.

நம் உதாரணத்தில் 9 லோடுகள் பட்டியலில் வருகின்றன.

படி 2: முடிந்தது எது என்று பிரியுங்கள்

புதிதாகக் கணக்கு எழுதுபவர்கள் சறுக்கும் இடம் இதுதான். லாரி ரசீதில் இருப்பது ஏற்றிய தேதி. நமக்கு வேண்டியது இறக்கிய தேதி. 9 லோடுகளில் 7 மார்ச் 31-க்குள் இறங்கிவிட்டன. ஒரு வண்டி 31 இரவு கிடங்கு வாசலில் நிற்கிறது. சரக்கு இறங்கியது ஏப்ரல் 2. இன்னொரு வண்டி விழுப்புரம் பக்கம் வந்துகொண்டிருக்கிறது. இந்த இரண்டும் வேலை முடியாதவை. இவற்றை விடுங்கள்.

இறங்கிய 7 லோடுகளில் ஐந்துக்குத்தான் பிஓடி கையில் இருக்கிறது. மீதி இரண்டும் டிரைவர் பையில் இருக்கின்றன. அதனால் அந்த இரண்டையும் தள்ளிவிட வேண்டியதில்லை. பிஓடி என்பது சரக்கு இறங்கியதற்குச் சாட்சி. கிடங்கின் கேட் பதிவோ, முத்திரையோடு டிரைவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படமோ இருந்தால் இறங்கியது உறுதி. அந்த ஆதாரத்தைப் பட்டியலோடு சேர்த்து வையுங்கள். ஆடிட்டர் கேட்கப்போவது அதைத்தான்.

பாதி வழியில் இருக்கும் வண்டிக்கும் ஒரு பங்கு வருவாய் காட்டக் கூடாதா என்று கேட்கலாம். இந்தியக் கணக்கியல் தரம் 115-ஐப் பின்பற்றும் பெரிய நிறுவனங்கள் ஓடிய தூரத்துக்கு ஏற்ற பங்கைக் காட்ட வேண்டிவரும். அந்தத் தரம் நம் உரிமையாளருக்குப் பொருந்தாது. வருமான வரிக் கணக்கீட்டுத் தரமும், 90 நாளுக்குள் முடியும் சேவைக்கு வேலை முடிந்த பிறகு வருவாய் காட்ட இடம் தருகிறது. சென்னை லோடு சில நாளில் முடிந்துவிடும். எந்த முறையை எடுத்தாலும் வருடா வருடம் அதையே பின்பற்றுங்கள்.

படி 3: தொகையைக் கணக்கிடுங்கள்

உங்களுக்கு உண்மையில் வரப்போகிற தொகையைத்தான் ஏற்ற வேண்டும்.

- 7 லோடு × 25 டன் × ரூ.1,200 = ரூ.2,10,000
- இறங்கிய ஏழில் ஒரு வண்டி இரண்டு நாள் காத்திருந்ததற்கு ஆலை எழுத்தில் ஒப்புக்கொண்ட ஹால்டிங் = ரூ.4,000
- சரக்குச் சேதத்துக்குப் பிடித்தம் = ரூ.6,000
- ஏற்ற வேண்டிய தொகை = ரூ.2,08,000

ஹால்டிங்கை ஆலை ஒப்புக்கொண்டதால் சேர்த்தோம். ‘பார்க்கலாம்’ என்று மட்டும் சொல்லியிருந்தால் சேர்க்கக் கூடாது. வருமா வராதா என்று தெரியாத தொகை வருவாய் ஆகாது.

சேதப் பிடித்தம் கொஞ்சம் வேறு. சரக்கு நனைந்ததாக எழுதிய பிஓடி ஏப்ரல் 5 அன்றுதான் அலுவலகத்துக்கு வந்தது என்று வையுங்கள். தாள் வந்தது ஏப்ரலில் என்றாலும் சேதம் நடந்தது மார்ச் 30-ல். எனவே மார்ச் கணக்கிலேயே கழிக்க வேண்டும். இதற்காகவே பட்டியலை ஏப்ரல் முதல் பத்து நாள் திறந்து வைத்திருப்பது நல்லது.

ஜிஎஸ்டியை இந்தத் தொகையில் சேர்க்காதீர்கள். நம் உரிமையாளருக்கு வரியை ஆலையே கட்டுகிறது. வரியைத் தானே வசூலித்துக் கட்டும் முறையில் இருப்பவருக்கும், வேலை முடிந்து 30 நாளுக்குள் பில் போட்டுவிட்டால் வரிப் பொறுப்பு பில் தேதியில்தான் எழும், அதற்குள் பணம் வாங்கியிராவிட்டால். எப்படியும் அது அரசின் பணம். உங்கள் வருவாய் இல்லை.

படி 4: மார்ச் 31 தேதியிட்டு ஜர்னல் போடுங்கள்

- பில் போடாத வாடகை வரவேண்டியது — பற்று ரூ.2,08,000
- லாரி வாடகை வருவாய் — வரவு ரூ.2,08,000

டேலியில் F7 அழுத்தி Journal வவுச்சரில் இதைப் போடலாம். முதல் லெட்ஜரை Current Assets குழுவின் கீழ் தனியாகத் திறங்கள். ஆலையின் பெயரில் உள்ள Sundry Debtors கணக்கில் ஏற்றினால், ஆலைக்கு அனுப்பும் பாக்கிப் பட்டியலில் பில் எண் இல்லாத ஒரு தொகை நிற்கும். அவர்களின் கணக்கோடு உங்கள் கணக்கு ஒத்துப்போகாது.

இந்த லோடுகளுக்கு ஆலை முன்பணம் கொடுத்திருந்தால் அதை வருவாயில் கழிக்காதீர்கள். வருவாய் முழுதாக இருக்கட்டும். முன்பணத்தை வரவேண்டிய தொகைக்கு நேர் வையுங்கள்.

படி 5: செலவையும் அதே மாதத்தில் ஏற்றுங்கள்

வருவாயை மார்ச்சில் காட்டிவிட்டு, அந்த லோடுகளின் செலவை ஏப்ரலுக்குத் தள்ளினால் லாபம் பொய்யாக ஊதும். பங்கில் கடனுக்குப் போட்ட டீசல் ரூ.38,000, டிரைவர்களுக்கு இன்னும் தராத படி ரூ.14,000 என்று வைத்துக்கொள்வோம்.

- டீசல் செலவு — பற்று ரூ.38,000
- டிரைவர் படி — பற்று ரூ.14,000
- கொடுபட வேண்டிய செலவுகள் — வரவு ரூ.52,000

பங்கின் பில் ஏற்கெனவே கணக்கில் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போடுங்கள்.

படி 6: ஏப்ரல் 1 அன்று திருப்பி எழுதுங்கள்

படி 4-ல் போட்ட வருவாய்ப் பதிவை அப்படியே தலைகீழாக ஏப்ரல் 1 தேதியிட்டுப் போடுங்கள். வாடகை வருவாய் பற்று, வரவேண்டியது வரவு, தொகை ரூ.2,08,000. செலவுப் பதிவையும் இதேபோல் திருப்புங்கள். டேலியில் Reversing Journal என்று ஒரு வவுச்சர் இருப்பதைப் பார்த்து, அது தானாகத் திருப்பிவிடும் என்று எண்ண வேண்டாம். அது உத்தேசக் கணக்கு பார்ப்பதற்கான வவுச்சர். உண்மையான கணக்கைத் தொடாது.

ஏப்ரல் 8-ல் பில் போகிறது. அதற்குள் மீதி இரண்டு லோடுகளும் இறங்கிவிட்டதால் ஒன்பதுக்கும் சேர்த்து ரூ.2,68,000. பில்லை எப்போதும்போல் முழுத் தொகைக்கும் ஏற்றுங்கள். ஏப்ரல் வருவாயில் ரூ.2,68,000 வரவு, ரூ.2,08,000 பற்று, நிற்பது ரூ.60,000. ஏப்ரலில் முடிந்த இரண்டு லோடுகளின் வாடகை சரியாக அதுதான். திருப்பி எழுத மறந்தால் ஏழு லோடுகளின் வாடகை இரண்டு வருடத்திலும் வருவாயாக ஏறி, இரண்டு முறை வரி கட்ட நேரும்.

படி 7: 26AS-ஐ ஒப்பிடுங்கள்

நீங்கள் பில் போடாவிட்டாலும் ஆலை தன் மார்ச் கணக்கில் வாடகைச் செலவை ஏற்றியிருக்கும். சரக்குப் போக்குவரத்துக்கான 1961 சட்டத்தின் 194C பிரிவில், தொகையைக் கணக்கில் வரவு வைத்தாலே டிடிஎஸ் பிடிக்க வேண்டும். பணம் கொடுக்கும்வரை காத்திருக்க முடியாது. தனிநபருக்கு விகிதம் 1 சதவீதம். ஆலை ரூ.2,08,000-ஐ மார்ச்சில் ஏற்றியிருந்தால் ரூ.2,080 டிடிஎஸ் 2024-25 கணக்கில் உங்கள் 26AS-ல் தெரியும். நீங்கள் அந்த வருவாயை ஏற்றாமல் விட்டிருந்தால், டிடிஎஸ் ஒரு வருடத்திலும் வருவாய் அடுத்த வருடத்திலுமாகப் பிரிந்து நிற்கும். துறையிலிருந்து கேள்வி வர இதுவே ஒரு வாசல்.

கடைசிச் சோதனை: லெட்ஜர் காட்டாத பாக்கி

ஏப்ரல் 30 அன்று மார்ச் பட்டியலை எடுத்து, ஒவ்வொரு லாரி ரசீது எண்ணுக்கும் எதிரே பில் எண்ணை எழுதுங்கள். ஏழு வரியும் நிரம்ப வேண்டும். திருப்பி எழுதியதால் லெட்ஜரில் பாக்கி பூஜ்யமாகத்தான் தெரியும். ஆகவே லெட்ஜரை மட்டும் நம்பாமல் பட்டியலைப் பாருங்கள். ஒரு வரி காலியாக இருந்தால் அந்த லோடுக்கு நீங்கள் பில்லே போடவில்லை என்று பொருள். பெரும்பாலும் பிஓடி தொலைந்திருக்கும், அல்லது டிரைவர் மாறியபோது தாள் எங்கோ தங்கியிருக்கும். ஏப்ரலிலேயே கண்டுபிடித்தால் கிடங்கில் நகல் வாங்கி ரூ.30,000-ஐ வசூலித்துவிடலாம். நாள் ஆக ஆக ஆலை கைவிரித்துவிடும். மார்ச்சில் மட்டும் செய்யாமல், மாதாமாதம் கடைசி நாளில் இந்தப் பட்டியலைப் போட்டுப் பாருங்கள்.