பண நிரம்பல் கூடினால் எந்த வளையி நகரும்?

பண்டச் சந்தையின் சமநிலையை ஐ.எஸ். வளையியும் பணச் சந்தையின் சமநிலையை எல்.எம். வளையியும் காட்டுகின்றன. பண நிரம்பல் கூடினால் வலப்புறம் நகர்வது எல்.எம். மட்டுமே. வட்டி வீதம் குறையும்.

மயிலிட்டியில் ஒருவர் படகு இயந்திரம் வாங்கப் பத்து இலட்சம் ரூபா கடன் பெற எண்ணுகிறார் எனக் கொள்வோம். அது ஆண்டுக்கு 100,000 ரூபா இலாபம் தரும். வட்டி 12 சதவீதமாயின் 120,000 கட்டவேண்டும், வாங்கமாட்டார். 8 சதவீதமாயின் 80,000, வாங்குவார். இப்படி முதலீடும் வெளியீடும் பெருகுவது ஐ.எஸ். வளையியின் வழியே நிகழும் அசைவு, அவ்வளையி நகர்வதில்லை. வருமானம் கூடப் பணத்துக்கான கேள்வியும் கூடி, வட்டி சற்று ஏறி 9 சதவீதத்தில் நிற்கலாம். ஆயினும் அது முன்னையதிலும் குறைவே.

விலைமட்டம் மாறாது என்பதே இம்மாதிரியின் எடுகோள். இலங்கை மத்திய வங்கி 2020 ஜூலையில் துணைநில் வைப்பு வசதி வீதத்தை 4.5 சதவீதமாகக் குறைத்தது. பண நிரம்பலும் பெருகியது. 2022இல் எரிபொருளுக்கே தட்டுப்பாடு. மலிவான கடன் இருந்தாலும் படகு கடலுக்குப் போகாது. வெளியீடு கூட இடமில்லாதபோது விலையே ஏறும். ஏறினால் மெய்ப் பண நிரம்பல் சுருங்கி, எல்.எம். இடப்புறம் திரும்பும். அவ்வாண்டு ஏப்ரலில் அவ்வீதம் 13.5 சதவீதமாக உயர்த்தப்பட்டது. செப்டெம்பரில் கொழும்பில் பணவீக்கம் 69.8 சதவீதத்தைத் தொட்டது.