நீர்க்கட்டி இருந்தால் 14-ம் நாள் கணக்கு உதவாது

திருவாதவூர்ப் பக்கம் கல்யாணமாகி ஆறு மாதம் ஆனாலே "விசேஷம் உண்டா?" என்று கேட்கத் தொடங்கிவிடுவார்கள். மாதவிலக்கு 40, 45 நாள் தள்ளி வரும் பெண் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது வேறு: தனக்குக் கருமுட்டை வெளிவருகிறதா, வந்தால் எந்த நாளில்?

பிசிஓஎஸ் உள்ளவர்களுக்குச் சினைப்பையில் பல முட்டைப்பைகள் வளரத் தொடங்கும். ஆனால் இன்சுலினும் எல்ஹெச் ஹார்மோனும் மிகும்போது ஆண் ஹார்மோன் கூடி, பெரும்பாலான பைகள் 10 மி.மீ.க்குள் நின்றுபோகும். முட்டை வெளிவர ஒரு பையாவது 18 மி.மீ. அளவுக்கு வளர வேண்டும். ஸ்கேனில் நீர்க்கட்டி என்று எழுதப்படுவது இப்படிப் பாதியில் நின்ற பைகளைத்தான். அவற்றை வெட்டி எடுக்க வேண்டியதில்லை.

செய்ய வேண்டியவை

• நாளைப் பின்னாலிருந்து எண்ணுங்கள். முட்டை வெளிவந்த சுமார் 14 நாள் கழித்தே விலக்கு வரும். 28 நாள் சுழற்சியில் அது 14-ம் நாள். 42 நாள் சுழற்சியில் 28-ம் நாள் வாக்கில். 14-ம் நாளை மட்டும் நம்பிச் சேர்ந்திருந்தால் அந்த மாதம் வீண். நாள் பிடிபடாதவர்கள் இரண்டு, மூன்று நாளுக்கு ஒருமுறை சேர்ந்திருந்தால் போதும்.

• புரோஜெஸ்டிரான் ரத்தப் பரிசோதனையை அதே கணக்கில் எடுங்கள். எல்லோருக்கும் சொல்லும் 21-ம் நாள், 42 நாள் சுழற்சிக்குப் பொருந்தாது. அந்தச் சுழற்சிக்கு 35-ம் நாள். அளவு 3 நானோகிராமுக்கு மேல் இருந்தால் முட்டை வெளிவந்திருக்கிறது என்று பொருள்.

• விலக்கு 35 நாளுக்கு மேல் தள்ளிக்கொண்டே போனால் ஓராண்டு காத்திருக்காமல் மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். கணவரின் விந்துப் பரிசோதனையும் அப்போதே நடக்கட்டும். அந்தப் பேச்சை மாமியார் வீட்டில் யாரும் எடுப்பதில்லை.

• எடை கூடுதலாக இருந்தால் குறையுங்கள். 70 கிலோ உள்ளவர்களில் சிலருக்கு 4, 5 கிலோ குறைத்தாலே முட்டை தானாக வரத் தொடங்கும். ஒல்லியானவர்களுக்கும் பிசிஓஎஸ் உண்டு. அவர்களுக்கு இந்த வழி இல்லை.

செய்யக்கூடாதவை

• மாத்திரை போட்டு வரவழைத்த விலக்கைப் பார்த்து முட்டை வந்ததாக நினைக்காதீர்கள். அது கர்ப்பப்பை உட்சுவர் உதிர்வது மட்டுமே.

• எல்ஹெச் பார்க்கும் சிறுநீர்ப் பட்டையை மட்டும் நம்பாதீர்கள். எல்ஹெச் எப்போதும் கூடுதலாக இருப்பவர்களுக்கு முட்டை வராமலே அது 'ஆம்' காட்டும்.

• பக்கத்து வீட்டுச் சீட்டைக் காட்டி மெடிக்கலில் லெட்ரோசோல் வாங்காதீர்கள். மருந்து நல்லதுதான்: 2014-ல் வெளியான 750 பெண்களின் அமெரிக்க ஆய்வில் குழந்தை பெற்றவர்கள் லெட்ரோசோலில் 27.5 சதவீதம், பழைய குளோமிபீனில் 19.1 சதவீதம். ஆனால் கர்ப்பம் இல்லை என்று உறுதிசெய்த பிறகே தொடங்க வேண்டும். ஐந்து நாள் சாப்பிட்டபின் ஸ்கேனில் எத்தனை பைகள் வளர்கின்றன என்றும் பார்க்க வேண்டும். இரண்டு மூன்று வளர்ந்தால் இரட்டைக்குழந்தை உருவாகலாம்.

• இப்போது குழந்தை வேண்டாம் என்பவர்கள், நீர்க்கட்டி இருக்கிறதே என்று கருத்தடையை விட்டுவிடாதீர்கள். முட்டை எப்போதாவது வரும். எந்த மாதம் என்று முன்கூட்டிச் சொல்லாது.