குச்சியின் நிழலும் கடிகாரமும்

பூகோளப் படத்தில் சிவகாசி வடக்கு அட்சரேகை 9° 27', கிழக்குத் தீர்க்கரேகை 77° 48' என்ற இடத்தில் இருக்கிறது. முதல் எண், பூமத்திய ரேகைக்கு வடக்கே நாம் எவ்வளவு தள்ளியிருக்கிறோம் என்பது. இரண்டாவது, இங்கிலாந்தின் கிரீன்விச்சுக்குக் கிழக்கே எவ்வளவு என்பது. இவற்றை நாமே கண்டறிய முடியுமா என்று பார்க்க, மார்ச் 21 அன்று பள்ளி மைதானத்தில் ஒரு மீட்டர் உயரக் குச்சியைச் செங்குத்தாக நட்டோம்.

அன்று சூரியன் பூமத்திய ரேகைக்கு நேர் மேலே இருக்கும். ஆகவே உச்சிவேளையில் அது நம் தலைக்கு நேரிலிருந்து எத்தனை பாகை சாய்ந்திருக்கிறதோ, அதுவே நமது அட்சரேகை. மிகக் குறுகிய நிழல் பதினாறரை சென்டிமீட்டர். அதைத் தாளில் முக்கோணமாக வரைந்து பாகைமானியை வைத்தோம். ஒன்பதரைப் பாகைக்குச் சற்றுக் குறைவாக வந்தது. இதற்குக் கடிகாரமே தேவைப்படவில்லை. ஆனால் நிழலின் நுனி மங்கலானது. ஒரு சென்டிமீட்டர் தவறினாலும் ஊர் 60 கிலோமீட்டர் நகர்ந்துவிடும்!

தீர்க்கரேகைக்கு நிழல் மட்டும் போதாது. பூமி சுழல்வதால் ஒரே தீர்க்கரேகையிலுள்ள எல்லா ஊர்களுக்கும் உச்சிவேளை ஒன்றே. ஒரு பாகை மேற்கே போனால் அது 4 நிமிடம் தாமதமாக வரும். நிழல் எப்போது மிகக் குறுகியது என்று கண்ணால் சொல்வது கடினம். ஆகவே முற்பகலிலும் பிற்பகலிலும் நிழல் ஒரே நீளமாக இருந்த இரு நேரங்களைக் குறித்து, நடுநேரத்தை எடுத்தோம்: 12 மணி 26 நிமிடம். அந்த நாளில் சூரியன் 7 நிமிடம் பிந்தி வருவதால் அதைக் கழிக்க, 12.19. இந்திய நேரம் 82½° தீர்க்கரேகைக்கு உரியது. 19 நிமிடம் என்றால் 4¾ பாகை. ஆகவே நாம் இருப்பது 77¾°. படத்திலிருந்து வெகு சொற்ப வித்தியாசமே.

தூத்துக்குடி நோக்கி வரும் கப்பலின் மாலுமியும் கோணமானியையும், கிரீன்விச் நேரம் காட்டும் கடிகாரத்தையும் கொண்டு இதையேதான் செய்து வந்தார். அக்கடிகாரம் ஒரு நிமிடம் பிசகினால் அவருடைய அட்சரேகை ஏறக்குறைய மாறாது. தீர்க்கரேகையோ நம் பகுதியில் 27 கிலோமீட்டர் தள்ளிப் போகும்.

நம் நாட்டின் படங்களுக்கும் இப்படி நேர்ந்தது. 19ஆம் நூற்றாண்டின் நில அளவையில் தீர்க்கரேகைகள் சென்னை வானாய்வகத்தை ஆதாரமாகக் கொண்டு குறிக்கப்பட்டன. அந்த வானாய்வகத்தின் தீர்க்கரேகையே சுமார் இரண்டரைக் கலை (60 கலை ஒரு பாகை) அதிகமாக எடுத்துக்கொள்ளப்பட்டிருந்தது. தந்தி மூலம் நேரத்தை ஒப்பிட்ட பிறகே இது திருத்தமாகத் தெரிந்தது. அதுவரை எல்லா ஊர்களும் படத்தில் சுமார் 4½ கிலோமீட்டர் கிழக்கே இருந்தன. ஆனால் விருதுநகரும் சிவகாசியும் சேர்ந்தே நகர்ந்ததால் அவற்றின் இடைத்தூரம் மாறவில்லை. வண்டிக்காரருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. வெளியிலிருந்து தன் கடிகாரத்தோடு வரும் கப்பலுக்குத்தான், கரை படத்தில் கண்ட இடத்தில் இராது.