லோகோவுக்கு எவ்வளவு, நோட்டீஸுக்கு எவ்வளவு?

நம்ம சீனியர் ஒருத்தர் ஊரில் மரச்செக்கு எண்ணெய்க் கடை ஆரம்பிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் வருடம் விளம்பரம், டிசைன் எல்லாம் சேர்த்துக் கையில் இருப்பது 1,00,000 ரூபாய். லோகோ, லேபிள், விசிட்டிங் கார்டு, வெப்சைட் எல்லாம் சேர்த்து 60,000 என்கிறார் டிசைனர். கொடுக்கலாமா?

கணக்கு போட்டுப் பார்ப்போம். லிட்டருக்கு லாபம் 50 ரூபாய், மாதம் 200 லிட்டர் விற்பனை. அப்படியென்றால் 60,000 என்பது 1,200 லிட்டரின் லாபம். ஆறு மாதம் செக்கு ஓடினால்தான் அந்தக் காசு திரும்பும். மீதி 40,000-ல் வருடம் முழுக்க ஆட்களைக் கடைக்கு வரவைக்க வேண்டும்.

"லோகோ அஞ்சு வருஷம் உழைக்குமே, லிட்டருக்கு அஞ்சு ரூபாய்தானே ஆகுது?" என்று கேட்கலாம். கணக்கு சரிதான். ஆனால் அஞ்சு வருடமும் அதே பெயர், அதே பாட்டில் இருந்தால்தான் அது பொருந்தும். முதல் வருடத்தில் எது ஓடும் என்றே தெரியாது. பாட்டிலில் ஆரம்பித்துப் பிறகு பாக்கெட்டுக்கு மாறலாம். அச்சடித்த பாக்கெட் என்றால் ஒவ்வொரு கலருக்கும் தனி சிலிண்டர் செய்ய வேண்டும். டிசைன் மாறினால் பழைய சிலிண்டர் வீண். அதனால் முதலில் ஸ்டிக்கர் லேபிளே போதும்.

அடையாளத்தில் தள்ளிப்போடக் கூடாதது பெயர். "சுத்தமான எண்ணெய்" மாதிரி பொருளை விவரிக்கிற பெயருக்கு டிரேட்மார்க் கிடைப்பது கஷ்டம். தனித்துவமான பெயரை வைத்து, ஆன்லைனில் விண்ணப்பித்தால் தனிநபருக்கு ஒரு வகுப்புக்குக் கட்டணம் 4,500 ரூபாய். சமையல் எண்ணெய்க்கு 29-ஆம் வகுப்பு. பதிவானால் 10 வருடம் செல்லும். லோகோவும் லேபிள் டிசைனும் 8,000, கடை போர்டு 12,000 என்று வைத்தால் மொத்தம் 24,500. இப்போதைக்கு இதோடு நிறுத்தலாம்.

மீதி 75,500. மாதம் சுமார் 6,300 வருகிறது. அதில் 3,000 ரூபாய்க்கு 2,000 நோட்டீஸ் அடித்து, வெட்டிக் கொண்டுவர ஒரு கூப்பன் வைக்கிறோம். முப்பது பேர் வருகிறார்கள். அதில் 12 பேர் மாதம் 2 லிட்டர் வாங்கும் வாடிக்கையாளர் ஆனால், மாதம் 1,200 ரூபாய் லாபம். இரண்டரை மாதத்தில் நோட்டீஸ் காசு திரும்பிவிடும். கூப்பன் இல்லாவிட்டால் இந்தக் கணக்கே கிடைக்காது. முப்பது பேர் வந்தும் யாரும் இரண்டாம் தடவை வரவில்லையா? நோட்டீஸைக் கூட்டாதீங்க, எண்ணெயையும் விலையையும் பாருங்க.

அடையாளத்துக்குக் கூடுதலாக எப்போது செலவழிக்கலாம்? கடையில் நின்று விற்கும்வரை நம்ம வாயே லேபிள். சூப்பர் மார்க்கெட் அலமாரிக்குப் போனால் பேச ஆள் இல்லை, பாட்டில்தான் பேச வேண்டும். அப்போது டிசைனரைத் திரும்பக் கூப்பிடலாம். எது விற்கிறது என்று தெரிந்த பிறகு கொடுக்கும் 60,000 வீணாகாது.